யாரும் தண்ணீர் குடிக்காத வீடு

கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்துப் பழகியவனிடம் எதையும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடி என்று கேட்கக் கூடாது. மணமக்களை மேடைக்கு அழைக்கவே நான் ஏழு நிமிடம் எடுத்துக்கொள்வேன். பினாங்கில் பாதிக் கல்யாணங்களில் சோறு ஆறிப்போனதற்கு நான்தான் காரணம் என்பாள் என் மனைவி. மீதிப் பாதிக்கு என்னைக் கூப்பிடவில்லை என்பேன் நான்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் எங்கள் அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கம் ஒரு நிமிட வீடியோவுக்கு வசனம் எழுதித் தரச் சொன்னது. வீட்டில் குடிதண்ணீரைச் சுத்தமாகச் சேமித்து வைப்பது எப்படி என்பது விஷயம். அதற்கு முன் மூன்று நாள் தண்ணீர்த் தடை வந்திருந்தது. தடை முடிந்து குழாயில் தண்ணீர் வந்த பிறகும் சில வீடுகளில் வயிறு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தோங் என்கிற பீப்பாயிலும் பால்டி வாளியிலும் அண்டாவிலும் பிடித்து வைத்த தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று சங்கம் நினைத்தது. அடுத்த மாதம் இன்னொரு தடை என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அதற்குள் மலாயில் ஒன்று, ஹொக்கியன் சீனத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என மூன்று வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதென்று முடிவானது.

"தமிழுக்கு நம்ம அண்ணன் இருக்காருல்ல. சும்மாவே பேசிக்கிட்டு இருக்காரு. அதை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார் சங்கத்தின் செயலாளர். அவர் கிளினிக்கில் தாதியாக, அதாவது நர்ஸாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாம் மாடி. எங்கள் ஊரில் தாதியரை மிஸ்ஸி என்போம். ஓய்வு பெற்றாலும் அந்தப் பட்டம் போகாது. அந்த அம்மாவின் சொந்தப் பெயர் அவர் கணவருக்காவது நினைவிருக்குமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வசனம் எழுத எனக்கு ஆசையா என்று கேட்டால், இல்லை. எழுதினால் அதைப் படித்துப் பார்க்க நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். அதில்தான் ஆசை. என் மனைவி போய் நான்கு வருடம். மகன் பெர்த்தில். மகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுடன் வந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள், பாலத்தில் ஜாம் ஆகுமாம். மற்ற இருபத்தொன்பது நாளும் எட்டாம் மாடியில் நானும் மின்விசிறியும். எங்களில் மின்விசிறிதான் அதிகம் பேசும்.

ஆகவே கணக்குப் போட்டேன். ஒரு நிமிட வசனம் என்றால் ஒரு தடவை வருவார்கள். நீளமாக எழுதினால் குறைக்கச் சொல்ல வருவார்கள், குறைத்ததைப் பார்க்க வருவார்கள், குறைத்தது போதவில்லை என்று சொல்லவும் வருவார்கள். பதினோரு பக்கம் எழுதினேன்.

முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். மிஸ்ஸி ஒருவர். இன்னொருவர் பதினொன்றாம் மாடியில் கேக் செய்து ஆன்லைனில் விற்கும் பெண். கேக்குகளை வீடியோ எடுத்த கைப்பழக்கத்தில் எங்கள் வீடியோவையும் எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டவர். வந்தவர்களை உட்கார வைத்து, சமையலறைக்குப் போய், பானைக் குழாயைத் திருகி இரண்டு கிளாஸ் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தேன். பிறகு பக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தேன். உட்கார்ந்து வாசித்தால் எனக்குக் குரல் வராது.

மூன்றாம் பக்கத்தில் மிஸ்ஸி கையைத் தூக்கினார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இந்த மீசை வச்ச ஆளு யாரு?"

"அவன்தான் கிருமி."

"கிருமிக்கு எதுக்கு மீசை?"

"வில்லன் மிஸ்ஸி. மீசை இல்லாட்டி யாரு பயப்படுவா?"

"அவருக்கு எதுக்கு ஒன்றரைப் பக்கம் வசனம்?"

"தண்ணித் தோங்குக்குள்ள குடியேற வர்றான். மனைவி மக்களோட. வாடகை பேசுறான்."

கேக் பெண் சிரித்துவிட்டார். "அங்கிள், சூப்பர்லா. ஆனா எனக்கு மீசைக்காரர் கிடைக்க மாட்டாரு."

"நானே நடிக்கிறேன்."

"உங்களுக்குத்தான் மீசையே இல்லையே."

"அதனாலதான் யாருக்கும் என்னைக் கண்டா பயமில்லை."

மிஸ்ஸி பேனாவை எடுத்தார். கிருமி போனான். அவன் மனைவி மக்களும் போனார்கள். நான் எழுதியிருந்த குடும்பம் மட்டும் மிஞ்சியது: அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். அதில் அம்மாவுக்குத்தான் நல்ல வசனங்கள். 'ஏங்க, பானையைக் கழுவுனீங்களா? இல்ல, காட்டிட்டு வந்தீங்களா?' இது என் சொந்தச் சரக்கு இல்லை. இருபத்தெட்டு வருடம் என் காதில் விழுந்ததை அப்படியே இறக்கி வைத்திருந்தேன்.

ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசல் வரை போய் லிஃப்ட் வரும்வரை பேசினேன். லிஃப்ட் கதவு மூடியபோதும் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மேசையில் இரண்டு கிளாஸும் நிரம்பியபடியே இருந்தன. உதடு பட்ட அடையாளம்கூட இல்லை.

தாகம் இல்லை போலும் என்று நினைத்தேன். பினாங்கில், பிற்பகல் மூன்று மணிக்கு, பதினோரு பக்கம் கேட்ட பிறகு, தாகம் இல்லை. நினைத்தேன்தான்.

அடுத்த வாரம் ஏழு பக்கத்தோடு இரண்டாவது கூட்டம். கேக் பெண் பைக்குள்ளிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். என் கிளாஸ் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. மிஸ்ஸி கிளாஸைக் கையில் எடுத்தார். நான் மூச்சைப் பிடித்தேன். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். மூன்றாவது கூட்டத்துக்கு ரோஸ் சிராப் கலந்து, ஐஸ் கட்டி போட்டு, வீட்டிலேயே நல்ல கண்ணாடிக் கிளாஸில் வைத்தேன். ஐஸ் கரைந்தது. சிவப்பு வெளுத்தது. மிஸ்ஸி வசனத்தை இரண்டு பக்கமாக்கிவிட்டு எழுந்து போனார்.

நம் வீடுகளில் வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம். சண்டைக்கு வந்தவனுக்கும் கொடுப்போம். குடித்துவிட்டுத்தான் அவன் கத்துவான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றால் உறவையே முறித்துக்கொண்டதாக அர்த்தம். நான் என்ன செய்துவிட்டேன் என்று புரியவில்லை. நகைச்சுவை சகிக்கவில்லையா? அது முப்பது வருடமாகவே அப்படித்தான். கல்யாணங்களில் அதைச் சகித்துக்கொண்டு சாப்பிட்டுத்தான் போனார்கள். கிளாஸ்களைக் கழுவும்போது இன்னொன்றும் உறைத்தது. என் மகள் வரும்போதெல்லாம் கையோடு ஒரு அட்டைப் பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில் கொண்டு வருவாள். "பிள்ளைங்களுக்குப் பழகிப்போச்சுப்பா" என்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நானும் விட்டுவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று வருடம். என் வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் தண்ணீர் குடித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணாமலேயே இருந்திருக்கலாம்.

படம்பிடிப்பு என் சமையலறையில்தான் என்று ஏற்பாடு. பிள்ளைகள் ஓடாத, டி.வி. கத்தாத, மீன் பொரிக்காத ஒரே வீடு என்னுடையதுதானாம். அதைப் பாராட்டு போலச் சொன்னார்கள். கேக் பெண் வட்ட விளக்கைத் தாங்கியில் மாட்டினார். வசனம் ஒரே பக்கத்துக்கு வந்திருந்தது. குடும்பமும் போய்விட்டது, பேசுவதற்கு நான் மட்டும் மிஞ்சியிருந்தேன்.

"முதல்ல தப்பா வச்சிருக்கிற பாத்திரத்தைக் காட்டணும். அப்புறம் சரியானதை" என்றார் கேக் பெண்.

"தப்பான பாத்திரத்துக்கு எங்க போறது? கீழ கார்ப் பார்க்ல பழைய பெயிண்ட் தோங் ஒன்னு இருக்கு, தூக்கிட்டு வரட்டுமா?"

"எதுக்கு அங்கிள், இங்கேயே..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு விளக்கைத் திருப்பத் தொடங்கினார். விளக்கு நேராகத்தான் இருந்தது.

அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். என் பானை.

எவர்சில்வர் பானை அது. இருபத்து நான்கு லிட்டர், அடியில் குழாய் வைத்தது. ஊரையே வீட்டுக்கு அழைத்துச் சோறு போடும் ஒரு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்காக என் மனைவி வாங்கியது. பிறகு நாலு பேர் குடும்பத்துக்கும் அதுவே நிலைத்தது. தினமும் கொதிக்க வைத்து, ஆற வைத்து, தேவைக்கு மட்டும் அதில் ஊற்றுவாள். மாலைக்குள் காலியாகிவிடும். தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கெட்டிலைப் போடுவாள். நான் தனியாளான பிறகும் கொதிக்க வைப்பதை விடவில்லை. தினமும் ஒரு கெட்டில் கொதிக்க வைத்து, ஆறியதும் பானையில் ஊற்றுவேன். ஆனால் ஒரு ஆள் இருபத்து நான்கு லிட்டரைக் காலி செய்ய முடியுமா? குறைந்த அளவை நிரப்புவேன். குறையும், நிரப்புவேன். காலியானால்தானே கழுவ வேண்டும்? காலியாகவே இல்லை.

குழாய் கசிய ஆரம்பித்தபோது அதன் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தேன். வெள்ளைத் துணியாகத்தான் கட்டினேன். வட்ட விளக்கின் வெளிச்சத்தில் அது கறுப்பாக இருந்தது. அழுக்குக் கறுப்பு இல்லை, பூஞ்சை பூத்த கறுப்பு. இத்தனை நாளும் என் விருந்தாளிகள் உட்கார்ந்த நாற்காலிக்கு நேர் எதிரே, சமையலறை வாசல் வழியே தெரியும்படி, கோவணம் கட்டிய குஸ்திக்காரன் மாதிரி என் பானை நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"மிஸ்ஸி" என்றேன். "அதனாலதான் குடிக்கலையா?"

கிளினிக்கில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்தி சொன்னவர். சுற்றி வளைக்கவில்லை. "ஆமாண்ணே."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்ல விட்டீங்களா? கிருமிக்கு மீசை வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க."

"கொதிக்க வச்ச தண்ணிதான் மிஸ்ஸி. தினமும்."

"கொதிச்சப்ப கிருமி செத்துச்சு, சரி. அந்த வேலை கெட்டிலோட முடிஞ்சிருச்சு. குழாய்த் தண்ணில இருக்கிற குளோரின் கொதிக்கும்போது போயிரும். அப்புறம் அந்தத் தண்ணிக்குக் காவல் யாரு? அழுக்குப் பானைல ஊத்துனா திரும்ப அழுக்குதான். உள்ள கையை விட்டுப் பாருங்க."

மூடியைத் திறந்து, தண்ணீருக்கு மேலே இருந்த சுவரில் விரலை வைத்தேன். வழுக்கியது. பாசி என்று கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கெண்டை மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. குழாயோ அடிமட்டத்துக்கு இரண்டு விரல் மேலே பொருத்தப்பட்டது. அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வரவே வராது. யாராவது தூக்கிக் கவிழ்த்தால்தான் உண்டு. கடைசியாகக் கவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும்.

"இது உங்க வயித்தை ஒன்னும் பண்ணலையா அங்கிள்?" என்று மெதுவாகக் கேட்டார் கேக் பெண்.

"பண்ணும். கல்யாணச் சாப்பாடுன்னு நினைச்சுக்குவேன்."

"நாலு வருஷமா உங்களைக் கல்யாணத்துல பார்க்கலையேண்ணே" என்றார் மிஸ்ஸி.

"எடுங்கம்மா" என்றேன் கேக் பெண்ணிடம். "தப்பான பாத்திரம் இதுதான். கார்ப் பார்க்குக்குப் போக வேண்டாம்."

"அங்கிள், முகம் தெரியும். குரூப்ல எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். மீசை இல்லாத கிருமின்னு தெரிஞ்சுக்கட்டும்."

கேமரா ஓடத் தொடங்கியது. நான் எழுதிய வரி எளிமையானது: 'புதுத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னால பழசை முழுசாக் கொட்டிருங்க.' அம்மாவுக்கு என்று எழுதிய வரி. அம்மாவை வெட்டிவிட்டதால் எனக்கு வந்திருந்தது. சொன்னேன். பானையைத் தூக்கிப் பாத்திரம் கழுவும் தொட்டி விளிம்பில் சாய்த்தேன். பாதி சாய்த்ததும் கை நின்றுவிட்டது.

"கட், கட். என்ன அங்கிள்?"

"இடுப்புப் பிடிச்சுக்கிச்சு" என்றேன்.

இடுப்பு நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பானையை நான் கழுவாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் சோம்பல். அதை மறைக்கப் போவதில்லை. மீதிப் பாதி வேறு. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலையிலும் அந்தப் பானையில் தண்ணீர் இருந்தது. அவள் ஊற்றியது. அதன் மேல் நான் ஊற்றினேன். அடுத்த நாளும் ஊற்றினேன். முழுவதும் காலியாகாதவரை அவள் ஊற்றியதில் கொஞ்சமாவது உள்ளே இருக்கும் என்று ஒரு கணக்கு. ஒரு சொட்டு, சொட்டில் கால். மைக் பிடிக்காத நேரத்தில் வாழ்நாள் முழுவதும் கப்பல் சரக்குக்கு எடை எழுதிப் பிழைத்த குமாஸ்தாவான நான் போட்ட கணக்கு இது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்கள்கூடச் சிரிப்பார்கள்.

மிஸ்ஸிக்கு என்ன தெரிந்ததோ, பானையின் மறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா. நான் பிடிச்சுக்கிறேன். நீங்க சாய்ங்க."

சாய்த்தேன். கடைசி இரண்டு விரல் தண்ணீர் மங்கலாக, அடியில் படிந்த மண் நிறத் துகளோடு வந்தது. தொட்டியில் சுழன்று போயிற்று. அவள் தண்ணீர் அப்படி இருந்திருக்காது. அவள் பார்த்திருந்தால் அந்தத் துணியாலேயே என்னை அடித்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் மூச்சு சீரானது.

பிறகு ஒரு மணி நேரம் வேலைதான். குழாயைக் கழற்றினால் ரப்பர் வளையமும் கறுப்பு. குழாயையே குப்பையில் போட்டோம். பானையின் உட்புறத்தை மூலை முடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினேன். வாசனை கலக்காத பிளீச்சை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மிஸ்ஸி கலந்து தந்தார். உள்சுவர் முழுக்கப் படும்படி அரை நிமிடத்துக்கு மேல் சுழற்றிக் கொட்டினேன். மறுபடி நல்ல தண்ணீரில் அலசினேன். "எவர்சில்வர்ல ரொம்ப நேரம் ஊற விடக் கூடாது, அரிச்சிரும்" என்றார். துடைக்கத் துணி எடுத்தபோது கையில் ஒரு தட்டுத் தட்டினார். "துணிதான் எதிரி. கவுத்து வைங்க, தானாக் காயட்டும்." எல்லாவற்றையும் கேக் பெண் எடுத்துக்கொண்டார், அந்தத் தட்டையும் சேர்த்து.

"ஒரு ஆளுக்கு இது எதுக்குண்ணே? மூடி போட்ட ஜக்கு ஒன்னு போதும். தினமும் காலியாகும், தினமும் கழுவலாம். பானையைத் தடை வர்றப்ப எடுத்துக்குங்க, புதுக் குழாய் போட்டு" என்றார் மிஸ்ஸி.

மேல் அலமாரியில் இரண்டு லிட்டர் ஜக்கு ஒன்று இருந்தது. கழுவினேன். கெட்டிலைப் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது, உழைத்துக் களைத்த இரண்டு பேருக்குக் கொடுக்க என் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. கெட்டிலில் இருப்பதோ கொதிக்கிறது.

"கீழே போய் ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்றேன்.

மிஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆறட்டும். குடிச்சிட்டே போறேன்."

ஜக்கில் ஊற்றி மூடி வைத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. பதினோரு பக்கம் எழுதியும் எனக்குக் கிடைக்காத, வேலை எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்து பேசிய நாற்பது நிமிடம். வேடிக்கை என்னவென்றால் நான் அதிகம் பேசவில்லை. தாதிப் பயிற்சிக் காலத்தில் புக்கிட் மெர்தாஜாமுக்கு ஃபெர்ரியும் பஸ்ஸும் மாறிப் போனதை மிஸ்ஸி சொன்னார். மூன்றடுக்குக் கேக் ஒன்று லிஃப்ட்டில் கவிழ்ந்த கதையைக் கேக் பெண் சொன்னார். பிறகு கிளாஸ்களில் ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருவரும் குடித்தார்கள். மிஸ்ஸி முழுதாகக் குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். என்னிடமா, தண்ணீரிடமா தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு காலி கிளாஸ்கள் இரண்டையும் வெகுநேரம் அப்படியே மேசையில் வைத்திருந்தேன். எறும்பு வந்ததும் கழுவினேன்.

வீடியோ ஐம்பத்தெட்டு விநாடி. நான் ஒரு நிமிடத்துக்குள் முடித்த ஒரே மேடை. குரூப்பில் கட்டைவிரல்கள் குவிந்தன. இரண்டு நாளில் அவையும் ஓய்ந்தன. அடுத்த தடை அறிவிப்பும் வேறொருவரின் தொலைந்த பூனையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வசனம் இனித் தேவையில்லை, கூட்டமும் இல்லை. லிஃப்ட்டில் பார்த்தால், "தண்ணி அங்கிள்" என்று பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். எட்டு மாடி இறங்கும் வரைக்கும் பேசலாம்.

அந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் அதே அட்டைப் பெட்டி. அவளுக்கு வீடியோவை நான் அனுப்பவில்லை. எப்படியோ பார்த்திருக்க வேண்டும். பெட்டியைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு, கவிழ்த்து வைத்திருந்த பானையைப் பார்த்தாள். ஜக்கின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவளுடைய அம்மா கீரையை முகர்வது போல. கிளாஸில் ஊற்றி நின்றபடியே குடித்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நல்லவேளையாக.

சின்னவன் ஓடி வந்து பெட்டியைப் பிரிக்கப் போனான். "ம்மா, தண்ணி."

"அது கார்ல போறப்ப குடிக்கலாம்டா. தாத்தாகிட்ட கேளு" என்றாள்.

ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டார்கள், பாலத்தில் ஜாம் ஆகுமாம். சன்னலிலிருந்து கார் போவதைப் பார்த்துவிட்டு சமையலறைக்கு வந்தேன். ஜக்கில் இருந்த மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் கழுவி வைக்க வேண்டும். நானே எழுதிய வரி, மீற முடியாது. மற்ற நாள்களில் பாதிக்கு மேல் கொட்டுவேன். அன்று கொட்டுவதற்கு அதிகமில்லை.